உங்கள் ஃபோல்டரைத் திறந்துவிட்டு இ-ரீடர் வாங்குங்கள்

கும்பகோணத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு 71 வயது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரவு பத்து மணிக்கு மேல் படித்தால்தான் அவருக்குப் படித்ததாகவே தோன்றும். சித்திக்கோ ஸ்விட்ச் போடும் சத்தம் கேட்டாலே தூக்கம் கலைந்துவிடும். அதனால் கடந்த மூன்று வருடமாக, டியூப் லைட்டை அணைத்துவிட்டு, போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு பழைய புத்தகங்களின் பிடிஎஃப்களைப் படித்துவந்தார். போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை அறுவை முடிந்தது. அதற்குப் பிறகு, "போன் வெளிச்சம் நீலமா குத்துதுடா. அந்தப் புத்தகம் படிக்கிற மெஷின் ஒண்ணு பாத்து வாங்கிக் குடேன்" என்று கேட்டார்.

இதற்கு முன் நானே ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன். விளம்பரத்தில் ஆயிரக்கணக்கான புத்தகம் கொள்ளும் என்று போட்டிருந்தது, கைக்கு அடக்கமாக 6 அங்குலம் இருந்தது, வாங்கிவிட்டேன். என்னிடம் இருந்ததெல்லாம் ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் விரித்து, இடம் வலம் நகர்த்தி, அடுத்த பக்கம் போனால் மறுபடி விரித்து, இப்படியே நாற்பது பக்கம் போனதும் மூடி வைத்தவன்தான். அந்தச் சாதனம் கெட்டது இல்லை. என் புத்தகங்களுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். எனவே இந்த முறை கடைப் பக்கம் போவதற்கு முன் சித்தப்பாவின் லேப்டாப்பைத் திறந்து, 'புத்தகங்கள்' என்ற ஃபோல்டரை எண்ணினேன்.

மொத்தம் 214 கோப்புகள். அதில் 151 ஸ்கேன் பிடிஎஃப்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஆர்க்கைவ் தளத்திலும் இறக்கியவை பெரும்பாலும். யாழ்ப்பாணத்துப் பழைய வெளியீடுகள் சில நூலகம் தளத்திலிருந்து வந்தவை. 41 இபப் கோப்புகள், எல்லாம் ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் எடுத்தவை. மீதி 22, தட்டச்சு செய்து உருவாக்கிய பிடிஎஃப்கள். சித்தப்பாவுக்கு எந்தச் சாதனம் வேண்டும் என்பதை இந்த மூன்று எண்களே கிட்டத்தட்ட சொல்லிவிட்டன.

எடை ஸ்கேனில்தான்

சேமிப்பிடம் சுலபமான விஷயம், அதை முதலில் முடித்துவிடலாம். 41 இபப் நூல்களும் சேர்ந்து 60 எம்பியைத் தாண்டவில்லை. எழுத்து மட்டும் உள்ள நாவல் ஒன்று, அட்டைப் படத்தோடு சேர்த்தே ஒன்றிரண்டு எம்பிக்குள் அடங்கிவிடும். இப்படிப் படிப்பவருக்கு 8 ஜிபியே வாழ்நாளுக்குப் போதும். ஆனால் 151 ஸ்கேன்களும் சேர்ந்து 11 ஜிபி! ஒவ்வொரு பக்கமும் ஒரு புகைப்படம் என்பதால் 300 பக்கப் புத்தகம் 40 எம்பி முதல் 140 எம்பி வரை போகிறது. 16 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும், சாதனத்தின் இயங்குதளம் எடுத்துக்கொண்டது போக நம் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. சித்தப்பா வாரம் இரண்டு புத்தகம் இறக்குகிறவர். 32 ஜிபிக்குக் குறைந்து எதையும் பார்க்க வேண்டாம் என்று அப்போதே முடிவாகிவிட்டது. ஸ்கேன் படிக்காதவர்கள் இதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

ஸ்கேலை எடுத்து அளந்தேன்

திரையின் அளவை எல்லாரும் அங்குலத்தில் சொல்கிறார்கள். அது மூலைக்கு மூலை அளந்த அளவு. படிக்கிறவருக்கு வேண்டியதோ அகலமும் உயரமும். 6 அங்குலத் திரையின் அகலம் சுமார் 9 செ.மீ., உயரம் 12 செ.மீ. தமிழில் அதிகம் அச்சாகும் டெம்மி அளவுப் புத்தகத்தின் பக்கம் ஏறக்குறைய 14 செ.மீ. அகலமும் 21 செ.மீ. உயரமும் கொண்டது. அந்தப் பக்கத்தை இந்தத் திரையில் முழுசாகக் காட்ட வேண்டுமென்றால் ஐந்தில் மூன்று பங்குக்கும் கீழே சுருக்க வேண்டும். 11 புள்ளியில் அச்சடித்த எழுத்து ஆறேகால் புள்ளிக்கு வந்துவிடும். மருந்து அட்டையில் பின்பக்கம் இருக்குமே, அந்த அளவு. நான் ஏமாந்தது இங்கேதான்.

ஸ்கேன் பக்கத்தில் நாலு ஓரமும் வெற்றிடம். அதை வெட்டிவிட்டால் உள்ளே எழுத்து நிற்கும் பகுதி மட்டும் மிஞ்சும். சித்தப்பாவின் அலமாரியிலிருந்து ஒரு டெம்மி புத்தகத்தை எடுத்து ஸ்கேலால் அளந்தேன்: எழுத்துப் பகுதி பத்தரை செ.மீ. அகலம், 17 செ.மீ. உயரம். 6 அங்குலத் திரையில் ஓரம் வெட்டிய பிறகும் இது 70 சதவீத அளவில்தான் தெரியும். கிண்டில் பேப்பர்வொய்ட்டின் புதிய மாடலிலும் கோபோ லிப்ராவிலும் இருக்கும் 7 அங்குலத் திரையில் 80 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். 7.8 அங்குலத் திரை கிட்டத்தட்ட 12 செ.மீ. அகலமும் 16 செ.மீ. உயரமும் உள்ளது, அதில் 93 சதவீதம். அச்சில் 11 புள்ளியாக இருந்த எழுத்து 10 புள்ளியாகத் தெரியும். கண்ணாடி போட்ட முதியவர் சிரமமில்லாமல் படிக்கிற அளவு அது. கிரவுன் அளவில் வந்த பழைய நாவல்களுக்கு எழுத்துப் பகுதியே சின்னது என்பதால், அச்சுப் புத்தகத்தைவிட ஒரு மாத்து பெரிதாகவே தெரியும்.

அப்படியானால் 10 அங்குலத்தையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஏ4 அளவில் ஆய்வுக் கட்டுரைகளும் கலைக்களஞ்சியத் தொகுதிகளும் படிப்பவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் அந்த அளவுச் சாதனங்கள் 400 கிராமை ஒட்டி இருக்கின்றன. சித்தப்பா மல்லாந்து படுத்துக்கொண்டு படிப்பவர். 400 கிராமை முகத்துக்கு மேலே அரை மணி நேரம் பிடித்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 7.8 அங்குலத்தில் 265 கிராமுக்குள் கிடைக்கிறது.

காகிதமா, விளக்கா?

இங்கே திரையின் வகைக்கு வர வேண்டும், ஏனென்றால் இரவுப் படிப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. செல்போன், டேப்லெட் திரைகள் விளக்குகள். வெளிச்சம் திரையிலிருந்தே புறப்பட்டு நேரே கண்ணுக்கு வருகிறது. இ-இங்க் திரை அப்படியில்லை. அதற்குள்ளே தலைமுடியின் தடிமன் அளவில் லட்சக்கணக்கான நுண்குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவமும், எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளை, கறுப்புத் துகள்களும். மின்புலம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வருகிறது, மற்றது அடியில் போகிறது. பிறகு மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். அறை வெளிச்சம் அதன்மேல் பட்டுத் திரும்பும்போது நாம் படிக்கிறோம், காகிதத்தில் நடப்பதும் இதேதான். பேட்டரி வாரக்கணக்கில் நிற்பதன் ரகசியமும் இந்த நின்றுபோகும் குணம்தான்.

காகிதம் மாதிரி என்றால் இருட்டில் எப்படிப் படிப்பது? 2012 வரை பெரும்பாலான இ-ரீடர்களில் இதற்கு வழி இல்லை. கிளிப் லைட் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆண்டுதான் பார்ன்ஸ் அண்ட் நோபிளின் நூக்கும், கிண்டில் பேப்பர்வொய்ட்டும் முன்விளக்கோடு வந்தன. திரையின் விளிம்பில் சின்னச் சின்ன எல்இடிகள். அவற்றின் ஒளி, திரைக்கு மேலே ஒட்டிய மெல்லிய தகடு வழியாகப் பரவிக் கீழே துகள்கள் மீது விழுந்து, பிரதிபலித்து நம்மிடம் வருகிறது. பக்கத்தில் யாரோ மேசை விளக்கு வைத்த மாதிரி.

ஆரம்பத்தில் வந்த விளக்குகள் வெள்ளை மட்டும்தான், கொஞ்சம் நீலம் தட்டும். 2016-இல் கோபோ ஆரா ஒன் வந்தபோதுதான் நிறத்தைச் சூடாக்கும் வசதி பரவலாகக் கவனம் பெற்றது. இப்போது பெரும்பாலும் வெள்ளை எல்இடிகளோடு அம்பர் நிறத்தவையும் இருக்கும், இரண்டின் கலவையை நாம் கூட்டிக் குறைக்கலாம். கிண்டிலில் இது 2019-இல் ஓயாசிஸில் வந்தது, பிறகு 2021-இல் பேப்பர்வொய்ட்டுக்கும் வந்தது. 2022-இல் வந்த அடிப்படைக் கிண்டிலில் நான்கு எல்இடிகள் மட்டும், சூடான நிறம் கிடையாது. வாங்கும்போது 'முன்விளக்கு உண்டா' என்று மட்டும் கேட்டால் போதாது, நிறத்தை மாற்ற முடியுமா என்றும் கேட்க வேண்டும். பழுத்த லென்ஸை எடுத்துப் புது லென்ஸ் வைத்தவர்களில் பலர் வெள்ளை வெளிச்சம் நீலமாகத் தெரிவதாகச் சொல்கிறார்கள். சித்தப்பாவுக்கு இந்த வசதி அவசியமாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'இ-ரீடரில் படித்தால் தூக்கம் கெடும்' என்று அடிக்கடி பகிரப்படுகிறதே, அதற்கு மூலம் 2014 இறுதியில் பாஸ்டன் மருத்துவ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு. அதில் கலந்துகொண்ட 12 பேரும் அச்சுப் புத்தகத்தைவிட மின்சாதனத்தில் படித்த நாட்களில் சராசரியாகப் பத்து நிமிடம் தாமதமாகத் தூங்கினார்கள், மெலட்டோனினும் குறைந்தது. ஆனால் அங்கே பயன்படுத்திய சாதனம் ஐபேட். மங்கலான அறையில், முழு வெளிச்சத்தில் வைத்து, நான்கு மணி நேரம் படிக்கச் சொன்னார்கள். இ-இங்க் திரையை வைத்து அவர்கள் தூக்கத்தைச் சோதிக்கவில்லை. நம் கையில் இருக்கும் சாதனத்தை மிகக் குறைந்த வெளிச்சத்தில், சூடான நிறத்தில் வைப்பதற்கும் அதற்கும் நிறைய தூரம்.

'மிகக் குறைந்த' என்பதுதான் முக்கியம். எவ்வளவு பிரகாசமாகப் போகும் என்று விளம்பரம் சொல்லும். எவ்வளவு மங்கலாகப் போகும் என்பதுதான் போர்வைக்குள் படிப்பவருக்குத் தேவை. சாதனம் வந்த முதல் இரவே சோதித்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள். அறையை முழு இருட்டாக்கிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். கண் இருட்டுக்குப் பழக வேண்டும். பிறகு விளக்கை ஒன்றாம் எண்ணில் வைத்துப் பாருங்கள். அப்போதும் கண் கூசினால் அது இரவுக்கு ஆகாது. அடுத்து ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து கீழ் விளிம்பைக் கவனியுங்கள். எல்இடி இருக்கும் இடங்களில் விசிறி மாதிரி வெளிச்சமும் நடுவே நிழலும் தெரிகிறதா? லேசாக இருந்தால் கண் பழகிவிடும். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் வெள்ளை என்று இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து காட்டும் வசதியும் பலவற்றில் உண்டு. ஆனால் அதில் முந்தைய பக்கத்தின் சாயல் கூடுதலாகத் தங்கும், படங்கள் நெகடிவ் மாதிரி ஆகிவிடும். சித்தப்பா ஒரே நாளில் அதை அணைத்துவிட்டார்.

வண்ணத் திரை வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இரவில் நாவல் படிப்பவருக்கு வேண்டாம். இப்போது பரவலாக வரும் கலைடோ 3 திரை, கறுப்பு வெள்ளைத் திரைக்கு மேலே ஒரு வண்ண வடிகட்டியை ஒட்டியது. எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளியில் வந்தாலும் வண்ணம் 150-இல்தான் வரும். வடிகட்டி வெளிச்சத்தைக் குடிப்பதால் பின்னணி சாம்பல் பூத்துத் தெரியும், பகலிலும் விளக்கைப் போட வேண்டி வரும், இரவில் இன்னும் ஓரிரு படி கூட்ட வேண்டி வரும். குழந்தைகளின் படக்கதைக்கு அது சரி.

கொம்பு எங்கே நிற்கிறது?

கோப்பு வகையில் தமிழருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கில நூலில் இபப் திறக்கிறதா இல்லையா என்பதோடு கேள்வி முடிந்துவிடும். நமக்கு, திறந்த பிறகு எழுத்து ஒழுங்காக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். யூனிகோடில் 'கெ' என்று சேமிக்கும்போது முதலில் க, அதற்குப் பின்னால்தான் கொம்பு. அதை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது சாதனத்தின் வேலை. 'கொ' வந்தால் கொம்பை இடத்திலும் காலை வலத்திலும் பிரித்து நிறுத்த வேண்டும். இதைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு க-வுக்கு வலப்பக்கம் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று நடுவில் முளைக்கும்.

சோதிக்க ஒரு வரி போதும். லேப்டாப்பில் இப்படி ஒரு டெக்ஸ்ட் கோப்பு எழுதி, காலிபர் என்ற இலவச மென்பொருளில் இபப் ஆக்கி, சாதனத்தில் ஏற்றிப் பாருங்கள்:

```
பொன் போர் கௌதமி ஸ்ரீ லக்ஷ்மி நெய்தல்
```

எல்லா எழுத்தும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். அது சரிசெய்யக் கூடிய விஷயம். கிண்டிலிலும் கோபோவிலும் `fonts` என்ற ஃபோல்டரில் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் போட்டு, மெனுவில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். எழுத்து தெரிந்து, கொம்பு மட்டும் இடம் மாறி நின்றால் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. கோளாறு மென்பொருளில் இருக்கிறது. அப்போது கேஓரீடர் என்ற கட்டற்ற படிப்பானை நிறுவலாம். கோபோ, பாக்கெட்புக், ஆண்ட்ராய்டு சாதனங்கள் மூன்றிலும் அது ஓடும், தமிழை ஒழுங்காகக் காட்டும்.

அந்த 22 தட்டச்சு பிடிஎஃப்களில் வேறொரு கண்ணி இருந்தது. பார்க்க அழகான தமிழ். 'இதை இபப்பாக மாற்றினால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாமே' என்று காலிபரில் போட்டேன். வந்தது ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பை. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் செய்த கோப்புகள் அவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்த காலத்தின் மிச்சம். யூனிகோடில் செய்த சில பிடிஎஃப்களிலும்கூட எழுத்துகள் சிதறித்தான் வரும். மாற்றுவதற்கு முன் ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் அதையும் ஸ்கேன் என்றே நினைத்து, பெரிய திரையில் ஓரம் வெட்டிப் படிக்க வேண்டியதுதான். ஃப்ரீ தமிழ் இபுக்ஸில் இபப் இருக்கும்போது ஏ4 பிடிஎஃப்பை இறக்காதீர்கள். சித்தப்பா நாலைந்து நூலை அப்படி இறக்கி வைத்திருந்தார்; மறுபடி இபப்பாக எடுத்துக் கொடுத்தேன்.

கிண்டிலா, மற்றதா என்பதும் ஃபோல்டரைப் பொறுத்ததே. 2016 இறுதியில் அமேசான் தமிழ் நூல்களைக் கிண்டிலில் விற்கத் தொடங்கியது. இன்று எழுதும் பலரின் நூல்கள் அங்கே இருக்கின்றன. மாதம் இரண்டு மூன்று புது நாவல் அங்கே வாங்குபவர் கிண்டிலை விட்டு எங்கும் போக வேண்டாம்; அந்த நூல்கள் பெரும்பாலும் பூட்டோடு வருபவை, கிண்டில் செயலி இல்லாத வேறு இ-ரீடரில் திறக்காது. இபப்பைக் கேபிள் வழியாக நேரே போட்டால் கிண்டில் படிக்காது. 2022 முதல் 'செண்ட் டு கிண்டில்' வழியாக அனுப்பினால் மாற்றிக்கொள்ளும். ஆனால் சித்தப்பாவிடம் கிண்டிலில் வாங்கிய நூல் ஒன்றுகூட இல்லை.

பழுப்புத் தாளின் கறை

இவ்வளவும் பார்த்து, ஜெர்மனியிலிருந்து பொங்கலுக்கு வந்த சித்தப்பாவின் பேரன் கையில் பாக்கெட்புக் இன்க்பேட் 4 வந்து சேர்ந்தது. 7.8 அங்குலம், கறுப்பு வெள்ளை, 32 ஜிபி, நிறம் மாற்றக் கூடிய விளக்கு. முதல் நாளே ஒரு ஏமாற்றம். 1950களில் வந்த ஒரு பயண நூலைத் திறந்தார், பக்கம் முழுக்கச் சாம்பல். "என்னடா இது, மழைக்கு முன்னாடி வானம் மாதிரி இருக்கு!"

காரணம் சாதனம் இல்லை. பழைய தாளின் பழுப்பு நிறத்தை ஸ்கேன் அப்படியே பிடித்திருந்தது. செல்போனில் அது மஞ்சளாகத் தெரியும், உறுத்தாது. இ-இங்க் திரைக்கோ 16 சாம்பல் படிகள்தான். பழுப்பு அதில் நடுச் சாம்பலாக விழும், எழுத்தின் கறுப்பு அதற்குள் அமுங்கிவிடும். வெளிச்சத்தைக் கூட்டினால் சாம்பலும் சேர்ந்து வெளுக்குமே தவிர எழுத்து தெளியாது. கேஓரீடரை நிறுவி, அதில் கான்ட்ராஸ்ட்டை மூன்று படி ஏற்றினேன். பின்னணி வெளுத்தது, எழுத்து கறுத்தது. ஓரம் வெட்டுவதைத் தானியங்கியில் விட்டால் நூலக முத்திரை விழுந்த பக்கங்களில் தவறாக வெட்டியது. கையால் ஒரு பக்கத்தில் கட்டம் வரைந்து, எல்லாப் பக்கத்துக்கும் அதையே வைத்தேன்.

ஆர்க்கைவில் எடுத்த சில கோப்புகள் மட்டும் பக்கம் திருப்ப நாலைந்து விநாடி எடுத்துக்கொண்டன. அவற்றுக்குள் பக்கங்கள் ஜேபெக் 2000 என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கின்றன. அதை விரிக்க இ-ரீடரின் சின்ன மூளைக்கு நேரம் பிடிக்கிறது. அப்படிப்பட்ட பதினெட்டு நூல்களை லேப்டாப்பில் கறுப்பு வெள்ளைப் பக்கங்களாக மாற்றிச் சேமித்துக் கொடுத்தேன். 120 எம்பியாக இருந்த ஒன்று 14 எம்பியாகச் சுருங்கியது, பக்கமும் சட்டென்று திரும்புகிறது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். இரவு பதினொன்றேகால். கூடத்தில் படுத்திருந்த எனக்கு அறைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை; கொஞ்ச நேரம் கழித்துத்தான் கட்டிலோரம் மஞ்சள் பூத்த ஒரு சின்னச் சதுரம் தெரிந்தது. சித்தி அந்தப் பக்கம் திரும்பி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். காலையில் காபி குடிக்கும்போது விளக்கு எத்தனையில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "மூணுல. நேத்து அந்தப் பயணப் புஸ்தகத்தை முடிச்சிட்டேன். அதே ஆள் எழுதினது இன்னொண்ணு இருக்காம், எறக்கிக் குடுத்துட்டுப் போ" என்றார்.